இரட்டைத் தலைகீழ் வரைபடம்: கோடுகள் எங்கே சந்திக்கின்றன?

நொதி வினையில் தளப்பொருளின் செறிவு [S], வினையின் வேகம் v. 1/[S]-ஐக் கிடை அச்சிலும் 1/v-ஐச் செங்குத்து அச்சிலும் வைத்து நேர்கோடு போடுங்கள். அது செங்குத்து அச்சை 0.02-இல் வெட்டினால் உச்ச வேகமான Vmax = 1/0.02 = 50. கிடை அச்சை −0.25-இல் வெட்டினால் அது −1/Km; ஆகவே உச்ச வேகத்தில் பாதியைத் தரும் தளப்பொருள் செறிவான Km = 1/0.25 = 4. அலகுகள் நீங்கள் அளந்தவையே.

சரி, இப்போது தடுப்பானைச் சேர்த்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் செங்குத்து அச்சில் சந்தித்தால் போட்டித் தடுப்பு: தளப்பொருளை மிகுதியாகச் சேர்த்தால் தடுப்பானை விலக்கிவிடலாம், ஆகவே Vmax மாறாது, Km கூடும். கிடை அச்சில் சந்தித்தால் போட்டியிலாத் தடுப்பு. அங்கே Km அப்படியே இருக்கும், Vmax குறையும்.

ஒரு எச்சரிக்கை. தளப்பொருள் மிகக் குறைந்த புள்ளிகளில் v சிறியது. அதன் சிறு பிழைகூட 1/v-இல் பெரிதாகிக் கோட்டையே சாய்த்துவிடும். அப்புறம் சந்திக்கும் இடமும் நகரும். அந்தப் புள்ளிகளை மட்டுமாவது மும்முறை அளந்துவிடுங்கள்.