இன்டீரியர் ஆலோசனைக் கட்டணம்: விசிட், அறைக்கணக்கு, சதவீதம் மூன்றிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வீட்டை வந்து பார்த்து யோசனை சொல்ல எவ்வளவு?" என்று ஒருவர் கேட்டதும், பல டிசைனர்கள் மனதில் வரும் முதல் தொகையைச் சொல்லிவிடுகிறார்கள். எதற்கான தொகை என்பதை இரண்டு பேருமே பேசுவதில்லை. விசிட் கட்டணம் என்பது நேரில் வந்து பார்த்துக் கருத்துச் சொல்வதற்கு. அறைக்கட்டணம், கையில் கொடுக்கும் வரைபடத்துக்கு. மொத்தச் செலவில் சதவீதம், வேலை முடியும்வரை கூடவே நிற்பதற்கு. ஒன்றுக்குக் காசு வாங்கிவிட்டு இன்னொன்றைச் செய்து கொடுக்கும்போதுதான் மனக்கசப்பு தொடங்குகிறது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்: ஹால், கிச்சன், இரண்டு படுக்கையறை, ஒரு பாத்ரூம். மணிக்கு எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால் கணக்கை மணியிலேயே போடுகிறேன்.

முதலில் விசிட். வீட்டில் இருந்தது 2 மணி நேரம், கட்டணமும் அதற்கே. ஆனால் போய்வர ஒன்றரை மணி, வந்தபின் போட்டோக்களைப் பார்த்துக் குறிப்பு எழுத 2 மணி, அடுத்த சில நாட்களில் "அந்தச் சுவருக்கு இந்த நிறம் சரியா?" என்று வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு மணி. மொத்தம் ஆறரை மணி உழைப்பில் கூலி கிடைத்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக. கட்டணத்தைக் கூட்டுவது ஒரு வழி. அதைவிட நல்ல வழி, விசிட் எங்கே முடிகிறது என்று முன்பே சொல்லிவிடுவது: நேரில் 2 மணி, ஒரு பக்கக் குறிப்பு, ஒரு வாரத்துக்குள் ஒரு போன் பேச்சு, அவ்வளவுதான். அளவெடுப்பது இதில் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டேப்பை எடுத்து நீட்டிவிட்டால், அடுத்து பிளான் வரும் என்று எதிரில் இருப்பவர் நினைப்பது இயல்புதானே.

விசிட் கட்டணத்தைப் பின்னால் கழித்துக்கொள்வதாகச் சொல்வது நல்ல பழக்கம்தான். ஆனால் எதில் கழிப்பது, எத்தனை நாளுக்குள் வேலையைக் கொடுத்தால் கழிப்பது என்று எழுதாமல் விடக்கூடாது. ஒரு வருடம் கழித்து, வேறு வீட்டு வேலையோடு வந்து "அந்தப் பணம் இருக்கிறதே" என்று கேட்டால் மறுப்பது கஷ்டம்.

அடுத்தது அறைக்கணக்கு. அதிகம் ஏமாறுவது இங்கேதான், ஏனென்றால் பார்க்க ரொம்ப எளிதாக இருக்கிறது. நம் வீட்டில் வரைபட வேலை இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ஹால் 8 மணி, படுக்கையறை ஒவ்வொன்றும் 6, கிச்சன் 14, பாத்ரூம் 10. மொத்தம் 44. ஐந்தால் வகுத்தால் 8.8 வருகிறது, அதை முழு எண்ணாக்கி அறைக்கு 9 மணிக்கான கட்டணம் என்று ஒரே விலை வைக்கிறார் டிசைனர். முழு வீட்டையும் கொடுத்தால் கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். ஆனால் யாரும் அப்படிக் கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை. படுக்கையறைக்கு மட்டும் விலை கேட்பவருக்கு 6 மணி வேலைக்கு 9 மணிக் காசு அதிகமாகத் தெரியும், போய்விடுவார். கிச்சனும் பாத்ரூமும் மட்டும் வேண்டும் என்பவருக்கோ அதே விலை மலிவு, உடனே சரி என்பார். கடைசியில் 24 மணி வேலைக்கு 18 மணிக் காசு. சராசரி விலை வைத்தால், கடினமான அறைகளே நம்மிடம் வந்து சேரும்.

கிச்சனுக்கு ஏன் அத்தனை நேரம் என்று கிளையன்ட் கேட்பது நியாயமான கேள்வி. ஒரு உதாரணம் சொன்னால் போதும். சிங்க்கை ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு மாற்றினால், கழிவுநீர்க் குழாயின் சரிவு மாறும், மேடைக் கல் வெட்டும் வரைபடம் மாறும், மேலே உள்ள அலமாரி ஜன்னலில் இடிக்கும், வாட்டர் ஃபில்டருக்கான பிளக் பாயின்ட் வேறு இடத்துக்குப் போக வேண்டும். படுக்கையறையில் கட்டிலைத் திருப்பிப் போட்டால் இரண்டு ஸ்விட்ச் பாயின்ட் நகரும், பெரும்பாலும் அதோடு சரி.

அதனால் குழாயும் டைல்ஸும் வருகிற அறைகளுக்குத் தனி விலை வையுங்கள். அளவெடுத்து, இருக்கிற வீட்டை இருக்கிறபடி வரைவதற்கு ஒரு தொடக்கக் கட்டணம் தனியாக இருக்கட்டும். ஒரே ஓர் அறை என்றாலும் அந்த வேலையில் பெரும்பகுதி செய்தே ஆக வேண்டும். அப்புறம், அறை என்றால் எது என்பதையும் பிளானிலேயே கோடு போட்டுக் காட்டிவிடுங்கள். ஹாலோடு சேர்ந்த சாப்பாட்டு இடம் ஓர் அறையா இரண்டா, நடைவழி யார் கணக்கு என்பதெல்லாம் வேலைக்கு நடுவில் கேட்க வேண்டிய கேள்விகள் அல்ல. திருத்தமும் அப்படித்தான். "இரண்டு திருத்தம்" என்றால், எல்லாக் கருத்தையும் சேர்த்து ஒரே முறையாகச் சொல்வது ஒரு திருத்தம் என்று எழுதிவிடுங்கள். அமைப்பு இதுதான் என்று முடிவு செய்தபின் சிங்க்கை நகர்த்துவது திருத்தம் இல்லை, புது வேலை.

இனி சதவீதம். வெறும் ஆலோசனைக்கு இதைப் பேசுவதே தவறு என்பது என் கருத்து. வேலை நடக்குமா என்றே தெரியாதபோது எதில் பங்கு கேட்பது? செயல்படுத்தும் கட்டத்துக்கு வரட்டும், அப்போதும் "மொத்தச் செலவு" என்ற சொல்லை அப்படியே விட்டுவிடாதீர்கள். எஸ்டிமேட் 100, டிசைனரின் பங்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரிட்ஜ், அடுப்பு எல்லாம் நானே வாங்குகிறேன் என்று கிளையன்ட் 12ஐ எடுத்துவிடுகிறார். சோபாவும் விளக்குகளும் தெரிந்த கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்று இன்னொரு 18 போகிறது. மீதி 70, கட்டணம் 7. ஆனால் அந்த சோபாவின் அளவும் விளக்கின் இடமும் முடிவு செய்தது டிசைனர்தான், அந்த வேலை ஒரு துளியும் குறையவில்லை. மறுபக்கம், தரைக்கு விலை உயர்ந்த கல் போட்டு எஸ்டிமேட் 115 ஆனால், கூடுதல் வேலை இல்லாமலே கட்டணம் 11.5 ஆகிறது. கிளையன்டுக்கு உறுத்தாதா? நல்ல விலையில் டைல்ஸ் தேடிக் கொடுத்தால் தன் வருமானம் குறையும் என்ற நிலையில் டிசைனரும் இருக்கக்கூடாது.

நான் பரிந்துரைப்பது இதுதான். எதெல்லாம் கணக்கில் சேரும் என்று பட்டியல் போடுங்கள். டிசைனர் தேர்ந்தெடுத்த பொருளை யார் வாங்கினாலும் அது சேரட்டும், வரி சேர வேண்டாம். இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட எஸ்டிமேட்டில் சதவீதத்தைப் போட்டு, அந்த நாளிலேயே அதை நிலையான தொகையாக மாற்றிவிடுங்கள். பிறகு பொருளின் விலை ஏறினாலும் இறங்கினாலும் கட்டணம் நகராது. ஓர் அறை கூடினாலோ குறைந்தாலோ மட்டும் மாறும். கடைக்காரர் தரும் கமிஷன் ஏதாவது இருந்தால் அதையும் கிளையன்டிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரே பொருளுக்கு அவரிடம் சதவீதம், அவருக்குத் தெரியாமல் கடையில் கமிஷன் என்று வாங்குவதை என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியாது.

பாதியில் நின்றால் என்ன என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். நிலையான தொகையை வரைபடம் முடிந்ததும் ஒரு பங்கு, மரவேலை தொடங்கும்போது ஒரு பங்கு, ஒப்படைக்கும்போது கடைசிப் பங்கு என்று பிரித்துவிட்டால், கிளையன்ட் நடுவில் நிறுத்தினாலும் அதுவரை முடிந்த வேலைக்கு எவ்வளவு என்பதில் வாதத்துக்கு இடமிருக்காது. வரைபடப் பங்கு பெரிதாக இருக்கட்டும். வரைபடத்தை வாங்கிக்கொண்டு வேறு கான்ட்ராக்டரிடம் போகிறவர்கள் உண்டு, அது அவர்கள் உரிமை. அந்த வரைபடத்தின் முழு விலை அதற்குள் வந்துவிட்டிருந்தால் டிசைனருக்கும் வருத்தமில்லை.