அஞ்சாயிரம் அபராதம் என்று ஆரம்பிக்காதீர்கள்: வரித் தாக்கல் ஸ்டேட்டஸில் கணக்கர்கள் செய்கிற தவறுகள்

2024 ஜூலை 28 ராத்திரி நான் போட்ட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இது. சிவப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து, மூலையில் ஒரு அலாரம் கடிகாரம்.

"கடைசி 3 நாள்! ஜூலை 31க்குள் ஐ.டி. ரிட்டர்ன் போடாவிட்டால் ரூ.5,000 அபராதம்! நோட்டீஸ் வரும்! உடனே அழைக்கவும்!"

மறுநாள் காலையிலிருந்து போன் ஓயவில்லை. வந்த அழைப்பில் முக்கால்வாசி ஏற்கெனவே என்னிடம் கணக்குக் கொடுத்திருந்தவர்கள். "ஏனுங்க, நம்முளுது போட்டாச்சுங்ளா இல்லீங்ளா?" ஜூன் மாதமே முடித்துக் கொடுத்த ஆளுக்கும் அதே சந்தேகம். ஸ்டேட்டஸை முதலில் பார்ப்பது நம் நம்பரை வைத்திருக்கும் பழைய ஆட்கள்தான் என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. புது ஆட்களை இழுக்கப் போட்டது, இருந்தவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது.

அதைவிட மோசமான விளைவு ஒன்று ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதைச் சொன்னால் மற்ற தவறுகளும் தானாக விளங்கும்.

திருப்பூர் வேலம்பாளையம் பக்கம் ஒரு அண்ணன். ஆறு மிஷின் போட்டு, பனியன் கம்பெனிகளிடம் கட்டிங் பீஸ் வாங்கித் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க். சொந்தத்தில் யாரோ என் சிவப்பு ஸ்டேட்டஸை அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதுவரை ரிட்டர்னே போட்டதில்லை. அஞ்சாயிரத்தைப் பார்த்ததும் அவர் போட்ட கணக்கு: போகாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது, போனால் பழைய வருஷத்துக்கும் சேர்த்து பைன் கேட்பார்கள். போனை ஓரமாக வைத்துவிட்டுத் தைக்கப் போய்விட்டார்.

அவருக்கு அந்த 5,000 பொருந்தவே பொருந்தாது. தாமதக் கட்டணத்தில் மூன்று படி உண்டு. மொத்த வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் 5,000. 5 லட்சம் வரை 1,000. கழிவுகளுக்கு முந்தைய வருமானமே அடிப்படை வரம்புக்குக் கீழே இருந்து, ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும் என்ற வேறு கட்டாயமும் இல்லையென்றால் ஒன்றுமே இல்லை. அந்த வருஷம் புதிய வரிமுறையில் வரம்பு 3 லட்சம். அண்ணனுக்குக் கூலி, வாடகை, கரண்ட் எல்லாம் போக நின்றது 2 லட்சம்கூட இல்லை. நான் எழுதியது பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் யாரைக் கூப்பிட எழுதினேனோ அவருக்கு அது பொய்.

கம்பெனிக்காரர்கள் அவர் பில்லில் 1% பிடித்துக்கொண்டே இருந்தார்கள். தனிநபர் ஜாப் ஒர்க்காரர் பான் கொடுத்திருந்தால் டி.டி.எஸ். விகிதம் அதுதான். 14 லட்ச ரூபாய் பில்லுக்கு 14,000 பிடித்திருந்தது. வரியே வராத ஆள் என்பதால் அது முழுக்க அவர் பணம். ஜூலை 31 போனாலும் அந்த வருஷத்துக்குத் தாமத ரிட்டர்ன் போட டிசம்பர் 31 வரை நேரம் இருந்தது. இந்தியாவில் வசிக்கும் தனிநபர்களுக்கு அதையும் 2025 ஜனவரி 15 வரை நீட்டினார்கள். அதுவும் போனது. அதற்கு மேல் போடுகிற புதுப்பித்த ரிட்டர்னில் ரீபண்ட் கேட்க வழியில்லை. தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் காரணத்தோடு மனுப் போடலாம். ஏற்பதும் ஏற்காததும் அதிகாரி கையில்.

"கடைசி 3 நாள்" என்று நான் கூவினேன். அண்ணனுக்கு உண்மையில் இருந்தது ஐந்து மாதத்துக்கு மேல். அதைச் சொல்லியிருந்தால் வந்திருப்பார்.

2025 ஆகஸ்டில் மறுபடி எழுத உட்கார்ந்தபோது எனக்கு நானே கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: இதைப் படிக்கிற ஆள் யார்? "எல்லாரும்" என்று வைத்தால் 5,000 என்பதைத் தவிர சொல்ல ஒன்றும் அகப்படாது. ஜாப் ஒர்க்காரர் என்று வைத்ததும் வாக்கியம் தானாக வந்தது.

"ஜாப் ஒர்க் பில்லுல கம்பெனிக்காரங்க 1% பிடிச்சுட்டுக் குடுக்கறாங்களா? அந்தப் பணம் உங்க பான் நம்பர்ல வரவாகியிருக்கும். 2024 ஏப்ரல்ல இருந்து 2025 மார்ச் வரைக்கும் எவ்வளவு பிடிச்சிருக்காங்கன்னு பார்த்துச் சொல்றோம். பான் கார்டு, பேங்க் பாஸ்புக், ஆதாரோட இணைச்ச நம்பர் இருக்கற போன், இது மூணும் போதும். ஆடிட் இல்லாத தனிநபர்களுக்குத் தேதி செப்டம்பர் 15 (ஆகஸ்ட் 9 நிலவரம்). சாயங்காலம் 7 மணி வரைக்கும் ஆபீஸ் திறந்திருக்கும்."

அபராதம் என்ற சொல்லே இதில் இல்லை. தேதி இருக்கிறது, ஆனால் கடைசிக்கு முந்தின வரியில்.

தேதிக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் "ஆகஸ்ட் 9 நிலவரம்" என்று போட்டதற்குக் காரணம் உண்டு. 2025-இல் ஜூலை 31 என்றிருந்த தேதியைச் செப்டம்பர் 15 ஆக்கியதாக மே 27-ஆம் தேதியே அறிவித்துவிட்டார்கள். ஆனாலும் ஜூலை மாதம் முழுக்க "ஜூலை 31 கடைசி" என்ற பழைய படங்கள் குரூப் குரூப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தன. பிறகு செப்டம்பர் 15 ராத்திரி இன்னும் ஒரு நாள் கொடுத்து 16 ஆக்கினார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு படம் எத்தனை வருஷம் உயிரோடு இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வருஷம் போடாத தேதி அடுத்த வருஷம் இன்னொருவரைக் கெடுக்கும். "மதிப்பீட்டு ஆண்டு 2025-26" என்றும் எழுத வேண்டாம். தறிக்காரரோ கோழிப்பண்ணைக்காரரோ அதைப் பார்த்தால் அடுத்த வருஷத்துக் கணக்கு என்றுதான் நினைப்பார். எந்த ஏப்ரலிலிருந்து எந்த மார்ச் வரை என்று எழுதினால் குழப்பமில்லை. 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாகக் கொண்ட புதிய வருமான வரிச் சட்டத்தில் மதிப்பீட்டு ஆண்டு என்ற சொல்லே போய் "வரி ஆண்டு" வருகிறது, பிரிவு எண்களும் மாறுகின்றன. ஸ்டேட்டஸில் பிரிவு எண் போடுவது நமக்கு நாமே தட்டிக்கொள்கிற கைதான்.

அந்த அண்ணன் இந்த ஸ்டேட்டஸைப் பார்த்துத்தான் வந்தார். முந்தின வருஷம் ஓடி ஒளிந்த கதையை அன்றைக்குத்தான் சொன்னார். "தம்பி, பைன் எதுவும் போட மாட்டீங்ளே?" என்று வாசற்படியிலேயே கேட்டார். போர்ட்டலில் 26AS-ஐத் திறந்தோம். நாலு கம்பெனி, மொத்த பில் 18 லட்சம், பிடித்தது 18,000. வருமானத்தை உத்தேச முறையில் காட்டலாம். பேங்க் வழியாக வந்த பணத்துக்குக் குறைந்தது 6%, ரொக்கத்துக்கு 8%. அவருக்கு நிஜமாக நின்றது 2,10,000 என்பதால் அதையே காட்டினோம். 3 லட்சத்துக்குக் கீழே என்பதால் வரி பூஜ்யம். ITR-4 போட்டு, அவர் போனுக்கு வந்த ஓ.டி.பி.யை வைத்து அப்போதே சரிபார்ப்பையும் முடித்தோம். ரிட்டர்னை ஏற்றியதோடு வேலை தீராது. 30 நாளுக்குள் இந்தச் சரிபார்ப்பு நடக்க வேண்டும். செப்டம்பரில் 18,540 ரூபாய் அவர் கணக்குக்கு வந்தது. தேதிக்குள் போட்டதால் ஏப்ரலிலிருந்து மாதம் அரை சதவீத வட்டி. ஆறு மாதத்துக்கு 540.

போன வருஷத்து 14,000-ஐப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க போட்டதுதானுங்ளா அந்தச் செவப்புப் படம்?" என்றார். ஆமாம் என்றேன்.

இதைக் கேட்டுவிட்டு "அப்படியானால் ரீபண்டையே பெரிதாகப் போடுகிறேன்" என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அது சிவப்புப் படத்தைவிடப் பெரிய தவறு. "அதிக ரீபண்ட் வாங்கித் தருகிறோம்" என்று எழுதினால் வருகிற ஆள் வேறு மாதிரி இருப்பார்: இல்லாத வாடகை ரசீது, கட்சி நன்கொடை, கட்டாத இன்சூரன்ஸ் எல்லாம் காட்டச் சொல்லிக் கேட்பார். 2025 ஜூலையில் இப்படிப் பொய்க் கழிவு காட்டிக் கொடுத்தவர்களைத் தேடி வருமான வரித் துறை நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை போட்டது. "பிடித்தது எவ்வளவு என்று பார்த்துச் சொல்கிறோம்" என்பதோடு நிறுத்துங்கள். ரீபண்ட் வருமா வராதா என்பது கணக்கைப் பார்த்த பிறகு தெரிகிற சங்கதி. ஜாப் ஒர்க்காரருக்குப் பொருந்துகிற உத்தேச முறை ஈரோட்டு மஞ்சள் மண்டிக் கமிஷன்காரருக்குப் பொருந்தாது. கமிஷன் வருமானத்துக்கு அந்த வழி கிடையாது. ஒரே ஸ்டேட்டஸில் இரண்டு பேரையும் கூப்பிட்டால் ஒருவரை ஏமாற்றித்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

தேதி தவறினால் நிஜமாகவே அடி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். தொழிலிலோ ஷேரிலோ நஷ்டம் வந்தவர் தேதிக்குள் போட்டால்தான் அந்த நஷ்டத்தை அடுத்த வருஷங்களுக்குக் கொண்டுபோக முடியும். வீட்டுக் கடன் வட்டி, எல்.ஐ.சி. எல்லாம் காட்டப் பழைய வரிமுறையில் போக நினைப்பவருக்குத் தாமத ரிட்டர்னில் அந்த வழி மூடிவிடும். இவர்களுக்குத் தனியாக ஒரு ஸ்டேட்டஸ், அதுவும் கடைசி வாரத்தில் இல்லை, ஒரு மாதம் முன்னாலேயே. "ஷேர்ல நஷ்டமா? அதை அடுத்த வருஷ லாபத்துல கழிக்கணும்னா செப்டம்பர் 15க்குள்ள ரிட்டர்ன் போட்டிருக்கணும்." உள்ளதைச் சொன்னோம். இதற்குச் சிவப்பு மை தேவைப்படவில்லை.

நம் ஊரில் சி.ஏ. முடித்தவரையும் ஆடிட்டர் என்கிறோம், என்னைப் போன்ற வரி பிராக்டிஷனரையும் ஆடிட்டர் என்கிறோம். ஸ்டேட்டஸ் விஷயத்தில் இரண்டு பேரும் ஒன்றில்லை. 1949-ஆம் வருஷத்துச் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் சட்டத்தின் முதல் அட்டவணை, விளம்பரம் போட்டோ நேராகக் கேட்டோ வேலை பிடிப்பதை ஒழுக்கக் கேடு என்கிறது. எதை எழுதலாம் என்பதற்கு இன்ஸ்டிடியூட் தனியாக வழிகாட்டு விதி வைத்திருக்கிறது. சி.ஏ. நண்பர்கள் என் வாசகத்தை அப்படியே எடுத்துப் போட வேண்டாம். இப்போதுள்ள விதியைப் படித்துவிட்டு, தகவல் வரை நிறுத்திக்கொண்டு "வாங்க" என்பதை விட்டுவிடுவது நல்லது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். "பான், ஆதார் நகலை இந்த நம்பருக்கு அனுப்புங்க" என்று சிலர் ஸ்டேட்டஸிலேயே போடுகிறார்கள். ஏமாற்றுக்காரர்கள் அனுப்புகிற மெசேஜும் இதே அச்சில்தான் இருக்கும். உஷாரான ஆள் இதைப் பார்த்தே ஒதுங்கிவிடுவார். வேலம்பாளையம் அண்ணன் ஆபீசுக்கு வந்து, போனை என் கையில் தராமல், ஓ.டி.பி.யை அவரே வாய்விட்டுப் படித்துச் சொன்னார். இப்போது அவர் லைனில் இன்னும் மூன்று ஜாப் ஒர்க்காரர்கள் என்னிடம் வருகிறார்கள். மூன்று பேரும் ஓ.டி.பி.யை அப்படித்தான் படித்துச் சொல்கிறார்கள்.