மைனர் ரிவிஷன் கடிதத்துக்குப் பதில் எழுதுவது எப்படி?

ஆய்விதழ் எடிட்டரின் கடிதத்தில் மைனர் ரிவிஷன் என்று இருந்தால் கட்டுரை இன்னும் ஏற்கப்படவில்லை என்றுதான் பொருள். ஆனால் திருத்திய பிரதியைப் பெரும்பாலும் எடிட்டரே பார்த்து முடிவு சொல்லிவிடுவார். அதனால் ரிவியூவர்களின் நீண்ட குறிப்புகளுக்குப் போகுமுன், எடிட்டர் மேலே எழுதியிருக்கும் சுருக்கத்தைப் படியுங்கள். எது கட்டாயம் என்பது அங்கே தெரியும்.

கொழும்பு பேரை வாவியின் நீர்த்தரம் பற்றிய கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். மாதிரிகள் ஜனவரி முதல் மார்ச் வரை எடுத்தவை. ரிவியூவர் மழைக்கால மாதிரிகள் ஏன் இல்லை என்று கேட்கிறார். எடிட்டர் அந்த வரம்பைத் தெளிவாகச் சொல்லும்படி எழுதி, 30 நாள் தருகிறார். அப்படியானால் மழைக்குக் காத்திருக்க வேண்டாம். ஆனால் கடைசிப் பகுதியில் ஒரு வரி சேர்த்தால் மட்டும் போதாது. சுருக்கமும் முடிவுரையும் ஆண்டு முழுவதற்கும் பேசினால், அவற்றையும் அந்த மூன்று மாதங்களுக்குள் அடக்குங்கள்.

பதில் கடிதத்தில் ரிவியூவரின் குறிப்பை ஒரு சொல்லும் விடாமல் ஒட்டி, கீழே உங்கள் பதில், அதன் கீழே மாற்றிய வாக்கியம், வரி எண். ஒவ்வொரு குறிப்புக்கும் இப்படியே. "திருத்திவிட்டோம்" என்று மட்டும் எழுதினால் படிப்பவர் கட்டுரை முழுவதையும் தேட வேண்டிவரும்.

என்னை அதிகம் இழுத்தடித்தது இந்த வரி எண்தான். Track Changes தெரியும் பிரதியில் 212ஆம் வரியில் இருப்பது, சுத்தமான பிரதியில் 198க்குப் போய்விடும். ஆகவே எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகே எண்களை இடுங்கள். எந்தப் பிரதியின் எண் என்பதையும் பதிலின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். நான் சுத்தமான பிரதியைத்தான் எடுப்பேன்.

லேடெக்கில் எழுதுபவர்கள் மாற்றங்களைக் கையால் வண்ணமிட்டுச் சிரமப்பட வேண்டாம்:

```
latexdiff old.tex new.tex > diff.tex
```

அட்டவணைகளில் இது சில நேரம் தடுக்கிவிழும். அந்த இடத்தை மட்டும் கையால் சரிசெய்தால் போதும்.

கெடு போதாது என்று தெரிந்தால், அது முடியுமுன்பே எடிட்டருக்கு ஒரு குறுமடல் போடுங்கள். காரணத்தையும் புதிய தேதியையும் இரண்டு வரியில் சொல்லலாம். கெடு தாண்டினால் சில இதழ்கள் அதைப் புதிய கட்டுரையாகவே எடுக்கும். கடைசி இரவுக்கு வைத்தால் நேர வலயத்தையும் பாருங்கள், இதழின் கடிகாரம் கொழும்பு நேரத்தில் ஓடாது.

பின்சேர்க்கை: அனுப்பியும் இதழிடமிருந்து ஒன்றும் வரவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். Editorial Manager தளத்தைப் பயன்படுத்தும் இதழ்களில், கோப்புகளை ஏற்றியதும் பிடிஎஃப் தயாராகி Revisions Waiting for Author's Approval என்ற பகுதியில் நிற்கும். அதைத் திறந்து பார்த்து Approve இணைப்பை அழுத்தும்வரை எடிட்டருக்குப் போகாது. பார்க்கும்போதே வரி எண்களையும் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.