கமிஷன் இல்லை என்கிறார்கள், அப்புறம் பணம் எங்கே குறைகிறது?

இணையத்தில் தேடினால் ஒரு யூரோ, உதாரணத்துக்கு, 1.10 டாலர் என்று வருகிறது. நாணய மாற்றுக் கடைப் பலகையில் 1.15. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பெரிய வங்கிகள் தங்களுக்குள் நாணயம் வாங்கவும் விற்கவும் கேட்கும் இரண்டு விலைகளுக்கு நட்டநடுவில் உள்ள எண்தான் இணையத்தில் வருவது. அதை நடுவிலை என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு அளவுகோல் மட்டுமே, அந்த விலைக்கு நமக்கு யாரும் விற்கக் கடமைப்பட்டவரல்ல.

சரி, கையில் 1,000 டாலர் இருக்கிறது, யூரோ வேண்டும். எப்படிக் கணக்குப் போடுவது?

படி 1: நடுவிலையைக் கடைக்குப் போகும் அதே நேரத்தில் பாருங்கள். நேற்றைய எண்ணோடு இன்றைய பலகையை ஒப்பிட்டால் சந்தை நகர்ந்ததும் கடையின் லாபமும் கலந்துவிடும். 1,000-ஐ 1.10-ஆல் வகுத்தால் 909 யூரோ.

படி 2: பலகையில் சரியான வரிசையைப் பிடியுங்கள். யூரோவுக்கு நேரே 1.05, 1.15 என்று இரண்டு எண்கள் இருக்கும். 'வாங்கும் விலை', 'விற்கும் விலை' இரண்டுமே கடைக்காரர் பக்கத்திலிருந்து எழுதியவை. நாம் யூரோ வாங்குகிறோம் என்றால் அவர் விற்கிறார், ஆகவே 1.15. முதல் தடவை நானும் இதில் தலைகீழாகத்தான் படித்தேன். குழம்பினால் ஒரு வழி உண்டு: இரண்டில் நமக்கு எது பாதகமோ அதுதான் நமக்கான விலை.

படி 3: கைக்கு வருவதைக் கணக்கிடுங்கள். 1,000-ஐ 1.15-ஆல் வகுத்தால் சுமார் 870 யூரோ. நடுவிலைப்படி வரவேண்டியதில் ஏறக்குறைய 40 யூரோ, அதாவது 4.3 சதவீதம் குறைகிறது. வாசலில் 'கமிஷன் கிடையாது' என்று எழுதியிருப்பது உண்மைதான். கமிஷன் விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

படி 4: இன்னொரு கடையோடு ஒப்பிடுங்கள். அங்கே விலை 1.12, கட்டணம் 15 டாலர். கட்டணத்தை முதலில் கழியுங்கள்: 985-ஐ 1.12-ஆல் வகுத்தால் 879 யூரோ. கட்டணம் வாங்கும் கடையே மலிவு! ஆனால் 100 டாலர் மட்டும் மாற்றினால் கதை மாறிவிடும். முதல் கடையில் 87, இரண்டாவதில் 76 யூரோதான். இந்த இரண்டு கடைகளும் சமமாகும் இடம் 575 டாலர். இரண்டிலும் 500 யூரோ கிடைக்கும்.

ரொக்க நோட்டுக்கான விலை பெரும்பாலும் கணக்கு வழியாக அனுப்பும் விலையைவிட மோசமாக இருக்கும். நோட்டைக் கொண்டுவர, பாதுகாக்க, விற்கும்வரை வைத்திருக்க கடைக்குச் செலவு உண்டு. வார இறுதியில் சந்தை மூடியிருப்பதால், திங்களன்று விலை எங்கே திறக்குமோ என்று சில கடைக்காரர்கள் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியை இன்னும் அகலமாக்குவதும் உண்டு.

மிச்சமான 100 யூரோவைத் திரும்ப மாற்றினால் இப்போது 1.05 வரிசை. 115 டாலர் கொடுத்து வாங்கியதற்கு 105 டாலர்தான் வரும்.