திரைப்படப் படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு ஆசிரியருக்கு எழுதுவது எப்படி?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் திரைப்பட எம்.எஃப்.ஏ. என்னும் முதுகலைப் படிப்புகள் பலவற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பரிந்துரைக் கடிதங்கள் தேவைப்படும். அவற்றைப் பெரும்பாலும் ஆசிரியரே இணையத்தில் நேரடியாகப் பதிவேற்றுவார் என்பதால், நம் கையில் இருப்பது அவருக்கு நாம் எழுதும் வேண்டுகோள் கடிதம் மட்டுமே.

முதலில் யாரிடம் கேட்பது என்று முடிவு செய்யுங்கள். துறைத்தலைவரின் பதவியைவிட, நீங்கள் படம்பிடித்ததையும் திருத்தியதையும் அருகிலிருந்து பார்த்தவரின் சொல்லுக்கே எடை அதிகம். விண்ணப்பத்தின் கடைசி நாள் டிசம்பரில் வருமானால் செப்டம்பர் இறுதிக்குள் எழுதிவிடுங்கள். நவம்பரில் நம் கல்லூரிகளில் பருவத் தேர்வு வந்துவிடும், விடைத்தாள் கட்டுகளுக்கிடையே யாருக்கும் நிதானமாக எழுத வராது.

அடுத்தது கடிதம். நலம் விசாரித்துச் சுற்றி வளைக்காமல், எந்த ஆண்டு எந்தப் பாடத்தில் அவரிடம் படித்தீர்கள் என்பதையும் என்ன கேட்கிறீர்கள் என்பதையும் முதல் இரண்டு வாக்கியங்களிலேயே சொல்லிவிடுங்கள். அதன்பின் வரும் பத்திதான் கடிதத்தின் உயிர். நூற்றுக்கணக்கான மாணவர்களைப் பார்த்தவருக்கு உங்கள் முகம் நினைவிருக்கலாம், வேலை நினைவிருக்காது. "ஆர்வமும் உழைப்பும் உள்ள மாணவன்" என்று அவர் பொதுவாக எழுதிவிட்டால் தேர்வுக்குழுவுக்கு அதில் பிடிமானம் எதுவும் இராது. ஆகவே ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்து இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய அம்மா, காசிமேடு மீன் ஏலத்தைப் பற்றி நான் எடுத்த பன்னிரண்டு நிமிட ஆவணப்படத்தின் முதல் வடிவத்தைப் பார்த்துவிட்டு, பின்னணிக் குரல் படத்தை மூடிவிடுகிறது என்றீர்கள். குரலை முழுவதும் நீக்கி, ஏலக்காரரின் ஒலியை மட்டும் வைத்து எட்டு நிமிடமாகச் சுருக்கினேன். விமர்சனத்தை ஏற்று நான் வேலை செய்யும் முறையைப் பற்றி எழுத உங்களால் இயலுமா? நேரமில்லை என்றாலும், என் வேலை போதிய அளவு நினைவில்லை என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள். நான் வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன்."

அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களையும் விட்டுவிடாதீர்கள். மறுக்க வழியில்லாமல் ஒப்புக்கொண்டவர் எழுதும் கடிதம், இல்லாத கடிதத்தைவிடக் கெடுதல் செய்யும்.

பல்கலைக்கழகத்தின் பெயர், கடைசி நாள், பதிவேற்றும் முறை ஆகியவற்றைக் கடிதத்தின் இறுதியில் தந்து, படத்தின் இணைப்பையும் உங்கள் நோக்க அறிக்கையையும் சேர்த்து அனுப்புங்கள்.

"நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சிலர் சொல்வார்கள். நம் ஊரில் இது சாதாரணம்தான். ஆனால் இரண்டு ஆசிரியர்களின் கடிதங்கள் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்குச் சட்டென்று தெரிந்துவிடும். அதனால் முழுக் கடிதத்துக்குப் பதில் குறிப்புகளை மட்டும் கொடுங்கள்.

அவர் சம்மதித்த பிறகே அவருடைய மின்னஞ்சல் முகவரியை விண்ணப்பத்தில் நிரப்ப வேண்டும். உடனே தானியங்கி அஞ்சல் ஒன்று அவருக்குப் போகும். அது பல சமயம் ஸ்பேம் பெட்டியில் விழுந்துவிடும் என்பதால், இரண்டு நாளில் தொலைபேசியில் அழைத்து வந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.