சானலை மாற்றியும் கேம் திக்குகிறதா? தடிச்சுவர் வீட்டில் ரூட்டர் வைப்பதில் நடக்கும் தவறுகள்

மன்னார்குடியில் அக்கா வாழ்க்கைப்பட்ட வீடு பழைய கட்டு வீடு. வாசலில் நின்றால் ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு என்று தாண்டிக் கொல்லைக் கதவு வரை நேர்கோட்டில் தெரியும். சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம். ரேழியில் ரூட்டர். கூடத்தை ஒட்டிய அறையில் அக்கா மகனின் பழைய பிஎஸ்4 கேம் கன்சோல். நடுவில் இருபத்தைந்து அடிகூட இல்லை. ஆனாலும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் அவன் ஆடும் ஆன்லைன் கால்பந்து நின்று நின்றுதான் ஓடும்.

"சானலை நாலு தடவ மாத்திட்டேன் மாமா, ஒண்ணும் சரிப்படல" என்றான்.

சரிப்படாது. அவன் மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்தானே தவிர, நோய் என்னவென்று பார்க்கவில்லை. வைஃபை திக்குவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, சுவர் சிக்னலைக் குடித்துவிடுவது. இன்னொன்று, அதே சானலில், அதாவது அதே அலைவரிசையில், அக்கம்பக்கத்து ரூட்டர்களும் பேசுவதால் நம் ரூட்டர் தன் முறைக்குக் காத்துக் கிடப்பது. முதலாவதற்கு இடத்தை மாற்ற வேண்டும், இரண்டாவதற்குச் சானலை. இதை அதற்கும் அதை இதற்கும் செய்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

பிரித்தறிய ஸ்பீடு டெஸ்ட் உதவாது. அது பத்துப் பதினைந்து நொடிகளின் சராசரியைத்தான் சொல்லும். நடுவில் அரை நொடி மூச்சு நின்றது அதில் தெரியாது. ஆட்டத்தைக் கெடுப்பதோ அந்த அரை நொடிதான். லேப்டாப்பைக் கன்சோலுக்குப் பக்கத்திலேயே வைத்து, இன்டர்நெட்டை அல்ல, நம் ரூட்டரையே நூறு முறை தட்டிப் பாருங்கள். விண்டோஸில்:

```
ping -n 100 192.168.1.1
```

(உங்கள் ரூட்டரின் முகவரி வேறாக இருக்கலாம்; `ipconfig` என்று அடித்தால் `Default Gateway` என்ற வரியில் இருக்கும்.) பதில்கள் எல்லாம் பத்து மில்லிநொடிக்குள் வந்தால் வீட்டு வைஃபையில் குறை இல்லை, தொல்லை வெளியே இருக்கிறது. இந்தச் சோதனையை இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறையும் விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு முறையும் செய்யுங்கள். தெருவே தூங்கும் ஐந்து மணிக்கும் திக்கினால் பழி சுவர் மேல். காலையில் சுத்தமாக இருந்து இரவில் மட்டும் தாறுமாறானால் நெரிசல்.

அக்கா வீட்டில் இரண்டும் இருந்தன. காலையிலேயே நூறில் ஆறு பதில்கள் வரவில்லை. இரவில் நடுநடுவே 300 மில்லிநொடி வரை எகிறியது.

சுவரை முதலில் எடுத்துக்கொண்டோம். ஃபைபர் போட வந்தவர் தனக்கு வசதியாக, ரேழி மூலையில் மீட்டர் பெட்டிக்கு மேல் ரூட்டரை மாட்டியிருந்தார். இரும்புப் பெட்டி பக்கத்தில் இருப்பது ஒரு குறை. பெரிய குறை கோணம். அந்த மூலையிலிருந்து கன்சோலுக்கு ஒரு நூல் கட்டினால் அது சுவரைச் சாய்வாக வெட்டிப் போகிறது. சுவர்ப்பரப்புக்கு முப்பது பாகை சாய்வில் போகும் அலைக்கு ஒன்றரை அடிச் சுவர் மூன்றடிச் சுவராகிவிடும். அப்படி இரண்டு சுவர்கள். ரூட்டரை எங்கே வைப்பது என்று யோசிக்கும்போது வீட்டுக்கு நடுவே வை, உயரத்தில் வை என்பார்கள். இரண்டும் சரியான யோசனைதான். தடிச்சுவர் வீட்டில் அதைவிட முக்கியமானது, அந்த நூல் கதவு வழியாகப் போகிறதா என்பது. மரக்கதவு மூடியிருந்தாலும் சிக்னலுக்குப் பெரிய தடை இல்லை. பழைய கட்டு வீடுகளுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. காற்றோட்டத்துக்காகக் கதவுகளை ஒரே வரிசையில் வைத்துக் கட்டியவர்கள், நமக்கு வைஃபை பாதையையும் சேர்த்தே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆகவே ரூட்டரைக் கூடத்துக்குக் கொண்டுபோய், அறைக் கதவுக்கு நேர் எதிர்ச்சுவரில் ஆறடி உயரத்தில் மாட்டினோம். ஃபைபர் பெட்டியிலிருந்து ரூட்டர் வரை வரும் மெல்லிய கம்பியை மட்டும் நீளமானதாக மாற்றினால் போதும். வாங்கும்போது முனையின் நிறம் பாருங்கள்: பச்சை முனை இருந்த இடத்தில் பச்சை, நீலம் இருந்த இடத்தில் நீலம். இரண்டும் வெவ்வேறு விதமாகத் தீட்டப்பட்டவை, மாற்றிச் செருகினால் ஒளி சரியாகப் போய்ச் சேராது. வாசற்படி மூலையில் அதைச் சுள்ளென்று மடக்கி ஆணி அடிக்கவும் கூடாது.

ஆன்டெனாவைக் கன்சோலை நோக்கிக் குத்திட்டு நீட்டுவது இன்னொரு பழக்கம். குச்சி ஆன்டெனாவின் நுனியில்தான் சிக்னல் குறைவு. அதன் பக்கவாட்டில்தான் நிறைவு. ஒரே தளத்தில் இருக்கும் கன்சோலுக்குக் குச்சிகள் நேராக நிற்கட்டும். கன்சோல் மாடியில் இருந்தால் ஒன்றை மட்டும் படுக்க வையுங்கள்.

கன்சோல் பக்கமும் ஒரு கோளாறு. டிவிக்குப் பின்னால் சுவர் மாடத்துக்குள் அதைத் தள்ளி வைத்திருந்தான். டிவியின் முதுகு உலோகத் தகடு, ரூட்டருக்கும் கன்சோலுக்கும் நடுவில் கேடயம் பிடித்த மாதிரி. வெளியே எடுத்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தோம். அதில் செருகியிருந்த யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்கையும் ஒரு முழம் தள்ளி வைத்தோம். அந்த வகை வயரும் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சல் கிளப்பும்.

கன்சோல் இருந்த இடத்தில் போனில் பார்த்த சிக்னல் -78 டிபிஎம்மிலிருந்து -61க்கு வந்தது. மைனஸ் எண் என்பதால் பூஜ்யத்தை நெருங்க நெருங்க பலம். பத்து ஏறினால் பத்து மடங்கு, இருபது ஏறினால் நூறு மடங்கு. இங்கே பதினேழு ஏறியது, அதாவது ஐம்பது மடங்கு. விடிகாலைச் சோதனையில் ஒரு பதில்கூடத் தவறவில்லை. இரவில் மட்டும் இன்னும் 120 வரை எகிறியது. இப்போதுதான் சானலைத் தொடும் நேரம்.

முதல் வகைப் பிஎஸ்4க்கு, அடியில் CUH-10, 11, 12 என்று எண் தொடங்குபவற்றுக்கு, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறு என்று அதனிடம் சொல்லிப் பயனில்லை. ஆகவே இருக்கும் கூட்டத்துக்குள்ளேயே இடம் பிடிக்க வேண்டும்.

மருமகன் வைத்திருந்தது சானல் 3. "அங்க யாருமே இல்ல மாமா" என்றான். வைஃபை அனலைசர் ஆப்பில் அப்படித்தான் தெரியும். ஆனால் சானல் எண்கள் ஐந்து மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்க, ஒரு ரூட்டர் பேச இருபது வேண்டும். 3-இல் நிற்பவர் 2412 முதல் 2432 வரை கால் நீட்டுகிறார். 1-இல் இருப்பவர்களின் பாதியையும் 6-இல் இருப்பவர்களின் ஓரத்தையும் மிதிக்கிறார். ஒரே சானலில் இருப்பவர்கள் ஒருவர் பேச்சை மற்றவர் புரிந்துகொண்டு முறைவைத்துப் பேசுவார்கள். பாதி மிதிபடுகிறவர்களுக்கு நம் பேச்சு வெறும் இரைச்சல், நமக்கு அவர்களுடையதும் அப்படியே. காலியாகத் தெரிந்த இடம்தான் உள்ளதிலேயே மோசமான இடம். ஒன்றின்மேல் ஒன்று படாத 1, 6, 11 மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். ரூட்டரின் செட்டிங்ஸில் `Channel Width` என்ற இடத்தில் `20 MHz` என்று வையுங்கள். 40 வைத்தால் இந்த மூன்றில் இரண்டை நீங்களே அடைத்துக்கொள்வீர்கள்.

எது என்று தேர்ந்தெடுப்பதில் அடுத்த தவறு, தலை எண்ணுவது. அன்றிரவு ஒன்பது மணிக்கு நாங்கள் பார்த்தது இது: சானல் 1-இல் ஐந்து பேர், எல்லாரும் -83க்குக் கீழே. சானல் 6-இல் இரண்டே பேர், ஆனால் ஒருவர் -52. பொதுச்சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். சானல் 11-இல் நான்கு பேர், -70 சுமாரில். எண்ணிக்கைப்படி 6தான் தோதானது. நாங்கள் எடுத்தது 1. ஏறக்குறைய -82க்குக் கீழே கேட்கும் முணுமுணுப்பை ரூட்டர் பெரும்பாலும் பொருட்படுத்தாமல் தன் பேச்சைத் தொடரும். -52இல் கேட்பவர் வாய் திறந்தாலோ நாம் வாய் மூடித்தான் ஆக வேண்டும். அவர் வீட்டில் இரவு முழுக்கப் படம் ஓடினால் நம் ஆட்டம் அவ்வளவுதான்.

இந்தப் பட்டியலை ரூட்டர் இருக்கும் இடத்திலும் கன்சோல் இருக்கும் இடத்திலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். ரூட்டர் எப்போது பேசலாம் என்று முடிவு செய்வது தன் காதில் விழுவதை வைத்து; கன்சோலுக்குப் புரிவதும் புரியாததும் அதன் காதில் விழுவதை வைத்து. ரேழியில் எதிர்வீட்டு ரூட்டர் -60இல் கேட்டது. அறைக்குள் அது இல்லவே இல்லை. ரூட்டரை இடம் மாற்றிய பிறகு சானல் பார்க்கச் சொல்வதும் இதனால்தான்.

"ஆட்டோவிலேயே விட்டா என்ன?" என்று கேட்பீர்கள். பல ரூட்டர்கள் ஆட்டோவில் சானலைப் பார்ப்பது எழுந்திருக்கும்போது ஒரு தடவைதான். கரண்ட் போய்த் திரும்பியதும் தெருவில் இன்வெர்ட்டர் இல்லாத வீட்டு ரூட்டர்கள் எல்லாம் ஒரே நிமிடத்தில் விழிக்கின்றன. ஒன்று பார்க்கும்போது மற்றது இன்னும் எழுந்திருக்கவில்லை. எல்லாம் காலி என்று நினைத்து ஒரே சானலில் போய் உட்கார்ந்துவிடலாம். கையால் வையுங்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரவில் பாருங்கள்.

1-க்கு மாற்றியபின் இரவு பிங் பெரும்பாலும் எட்டுக்குள், எப்போதாவது நாற்பது.

உங்களிடம் இருப்பது பிஎஸ்4 ஸ்லிம், பிஎஸ்5, ஸ்விட்ச் என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் உண்டு, நெரிசலும் குறைவு. ஆனால் அது தடிச்சுவரில் 2.4ஐவிடச் சீக்கிரம் சாகும். கதவு வழிப் பாதை இருந்தால்தான் அங்கே போக வேண்டும். சானல் 52 முதல் 144 வரை உள்ளவற்றை ராடாரும் பயன்படுத்துவதால், ராடார் போல ஏதாவது காதில் விழுந்தால் ரூட்டர் அந்த இடத்தைக் காலி செய்தாக வேண்டும், ஆட்டத்தின் நடுவிலும்கூட. 36 முதல் 48, அல்லது 149க்கு மேல் வையுங்கள். அகலம் 80இல் இருக்கும்போது 36ஐ விட்டு 44க்குத் தாவுவதில் அர்த்தமில்லை, இரண்டும் ஒரே தொகுதி. ஆட்டத்துக்குத் தேவைப்படுவது மிகக் கொஞ்சம் டேட்டா என்பதால், அகலத்தை 40ஆகக் குறைத்தால் தூரத்தில் சிக்னல் இன்னும் உறுதியாக நிற்கும்.

கதவுப் பாதையே கிடைக்காத வீடுகள் உண்டு. அங்கே பலர் எக்ஸ்டெண்டர் வாங்கிக் கன்சோலுக்குப் பக்கத்தில் செருகுகிறார்கள். சிக்னல் சாகும் இடத்தில் வைத்தால் அது எதைப் பிடித்து எதைக் கொடுக்கும்? அந்தப் பணத்துக்கு லேன் வயர் வாங்கி, கரண்ட் வயர் போகும் துளையை ஒட்டி இன்னொரு சிறு துளையிட்டுக் கன்சோலிலேயே செருகிவிடலாம். நூறு மீட்டர் வரை கவலை இல்லை. அறைக்குள் போனுக்கும் வைஃபை வேண்டுமென்றால் வயர் முனையில் பழைய ரூட்டர் ஒன்றை வைக்கலாம். அதை `Access Point` முறைக்கு மாற்ற மறந்தால் ரூட்டருக்குப் பின் ரூட்டராகி, நண்பர்களோடு சேர்ந்து ஆடும்போது கன்சோல் `NAT Type 3` என்று முரண்டு பிடிக்கக்கூடும். அந்த முறை அதில் இல்லையென்றால், முதலில் அதன் முகவரியை 192.168.1.2 என்பதுபோல் மாற்றுங்கள், மற்றவற்றுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அணையுங்கள். பிறகு வயரை அதன் `WAN` ஓட்டையில் அல்ல, `LAN` ஓட்டை ஒன்றில் செருகுங்கள்.