சம்பளம் கொடுக்கும் மானியத்தை லாபம் என்று எண்ணாதீர்கள்

நாற்பதைத் தொட்ட ஆபீஸ்காரர்கள் பலர் இப்போது வேலையை விடாமல் சைடில் ஏதாவது செய்கிறார்கள். எனக்குத் தெரிந்த தொழில் பொடி. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ரசப் பொடி. ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தது இது. அதனால் புதிதாக இறங்குகிறவர்கள் வந்து பேசுவார்கள். சுத்தம், ருசி, லேபிள் டிசைன் பற்றியெல்லாம் யூடியூப் சொல்லும். வேலையை அவசரப்பட்டு விடாதே என்று வீட்டில் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். இப்படி இறங்குகிறவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

விலை போடும்போது தன் கூலியை மறப்பது

என்னை இன்னமும் எரிச்சல்படுத்துவது இதுதான், எனவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அக்கவுண்ட்ஸ் பார்க்கும் ஒரு தம்பி. ஆபீஸ் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் ராத்திரி வரை உட்கார்ந்து தேடுகிறவன். இட்லிப் பொடி ஆரம்பித்தான். 200 கிராம் பாக்கெட் 80 ரூபாய். “பாக்கெட்டுக்கு முப்பது ரூபா நிக்குதுண்ணே” என்றான். கணக்கைக் காட்டச் சொன்னேன்.

ஒரு தடவைக்கு 5 கிலோ, அதாவது 25 பாக்கெட். உளுந்து, கடலைப்பருப்பு, எள், மிளகாய், பெருங்காயம் எல்லாம் சேர்த்து 890 ரூபாய். அரவைக் கூலி 100. கேஸ் 60. கவரும் ஸ்டிக்கரும் 200. மொத்தம் 1,250. பாக்கெட்டுக்கு 50 ரூபாய் அடக்கம். கணக்கு சரிதான், கூட்டலில் பிழை இல்லை.

“இதுல வறுத்தது யாரு?” என்றேன். “நாந்தான்.”

சனிக்கிழமை சாயங்காலம் சாமான் வாங்கி, கல் பார்த்துப் புடைக்க இரண்டு மணி நேரம். ஞாயிறு காலை வறுக்க மூன்று மணி நேரம். எள் வெடிக்கும் வரை, மிளகாய் கருகாமல் என்று தனித்தனியாக வறுக்க வேண்டியதால் அவசரப்படுத்த முடியாது. மில்லுக்குப் போய்வர இரண்டு மணி நேரம்; முன்னால் மஞ்சளோ சீயக்காயோ அரைத்திருந்தால், மெஷினைச் சுத்தம் செய்யும் வரை நிற்க வேண்டும். அரைத்து வந்த பொடி கையில் சுடும். அப்படியே கவரில் போட்டு ஒட்டினால் உள்ளே வியர்த்துக் கட்டி பிடிக்கும். தாளில் பரப்பி முழுக்க ஆறவிட்டுத்தான் எடை போட வேண்டும். எடை, சீல், ஸ்டிக்கர், மேலும் மூன்று மணி நேரம். ஆக பத்து மணி நேரம்.

இதே வேலைக்கு ஓர் அக்காவைக் கூலிக்கு வைத்தால் மணிக்கு 80 ரூபாயாவது கொடுக்க வேண்டும். பத்து மணி நேரத்துக்கு 800. பாக்கெட்டுக்கு 32. ஐம்பதோடு கூட்டினால் 82. பெட்ரோலும் கிழிந்த கவரும் இன்னும் சேரவில்லை. அதை 80-க்கு விற்கிறான். பக்கத்து மளிகைக் கடையில் 20 சதவீதக் கழிவில் வேறு போட்டிருந்தான். அங்கே கைக்கு வருவது 64.

இவனுக்கு ஏன் வலிக்கவில்லை? மாதக் கடைசியில் சம்பளம் வந்துவிடுகிறது. பெட்ரோல் அதிலிருந்து போகிறது, ஞாயிற்றுக்கிழமைக்கு யாரும் பில் போடுவதில்லை. கடையில் விற்காமல் திரும்பி வந்த பாக்கெட்டைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டால் நஷ்டமும் கண்ணில் படாது. ஆபீஸ் சம்பளம் இவனுடைய பொடிக்கு மானியம் கொடுத்துக்கொண்டிருந்தது.

இதில் மாட்டுகிற இடம் ஆர்டர் கூடும்போதுதான். முதலில் உதவிக்கு ஆள் வைப்பார்கள். கூலி கொடுத்த அன்றே லாபம் காணாமல் போகும். விலையை ஏற்றலாம் என்றால், 80 ரூபாய்க்குப் பழகிய வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். வேலையை விட்டு முழுநேரமாக இறங்கினால் இன்னும் மோசம். மானியம் நின்றுபோய், விற்க விற்கக் கை கடிக்கும்.

அதே தெருவில் பொடி விற்றுத்தான் குடும்பம் நடத்தும் ஒரு அம்மா இருக்கலாம். அவர் 120 சொன்னால், “அந்த ஆபீஸ்காரர் எண்பதுக்குத் தர்றாரே” என்பார்கள். நஷ்டத்துக்கு விற்கிற வசதி அந்த அம்மாவுக்கு இல்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

சரி, எப்படிப் போட வேண்டும்? முதல் நாளிலிருந்தே கூலிக்கு ஆள் வைத்ததாகக் கணக்கு எழுதுங்கள். அந்தத் தம்பிக்கு நாங்கள் உட்கார்ந்து போட்டது இப்படி: வாராவாரம் 5 கிலோவுக்குப் பதில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை 10 கிலோ. வறுப்பதும் பாக்கெட் போடுவதும் கூடும். கடைக்கும் மில்லுக்கும் அலையும் நேரம் அவ்வளவாக அதிகமாகாது. இருபது மணி நேரம் ஆக வேண்டியது பதினைந்தில் முடிந்தது. கூலி 1,200, ஐம்பது பாக்கெட்டுக்குப் பிரித்தால் 24. பொருள் அடக்கம் 50. பெட்ரோல், சேதாரம் 4. ஆக 78. கடைக்காரருக்கு 20 சதவீதம் விட்டும் கையில் ஏதாவது நிற்க வேண்டுமென்றால் 120 போட்டே ஆக வேண்டும். கடைக்காரருக்கு 24 போக 96 வரும், 18 நிற்கும். நேரில் வாங்குகிறவருக்கும் அதே 120தான். அங்கே குறைத்துக் கொடுத்தால் கடைக்காரர் அடுத்த வாரமே பாக்கெட்டைத் திருப்பித் தந்துவிடுவார்.

பழைய வாடிக்கையாளர் சிலர் நின்றுபோனார்கள். நின்றது நல்லதுதான், அவர்களுக்கு விற்ற ஒவ்வொரு பாக்கெட்டிலும் இவன் கைக்காசு போய்க்கொண்டிருந்தது.

உங்கள் விலை சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. தொழிலுக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்குங்கள். ஒரே ஒரு தடவை முதல் போடுங்கள், 10,000 ரூபாய் என்று வையுங்கள். சாமானும் பெட்ரோலும் அதிலிருந்தே போகட்டும், வரவும் அதிலேயே வரட்டும். உங்கள் கூலியை ஒவ்வொரு தடவையும் அதிலிருந்து எடுத்து உங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றுங்கள். சம்பளத்திலிருந்து மறுபடி ஒரு ரூபாய் போடக் கூடாது. கடன் பாக்கி ஏதும் வெளியே நிற்காமல், சரக்கும் தேங்காமல் அந்தக் கணக்கு வற்றினால், விலை தப்பு.

அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைப் படிக்காமல் தொடங்குவது

தனியார் கம்பெனிகளில் பலவற்றின் ஆர்டரில் வேறு தொழில் செய்யக் கூடாது, அல்லது எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்ற வரி இருக்கும். எடுத்துப் படியுங்கள். மத்திய அரசு ஊழியருக்கு 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் முன் அனுமதி இல்லாமல் வியாபாரம் செய்வதைத் தடுக்கின்றன. “வீட்டுக்காரி பேர்ல நடத்துறேன்” என்று சிலர் சிரிப்பார்கள். குடும்பத்தில் ஒருவர் தொழில் செய்தால் அதையும் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. மனைவி பெயரில் இருந்தாலும் முதல் நீங்கள் கொடுத்ததாக இருந்தால், வருமான வரியில் அந்த முதலுக்கு உரிய லாபம் உங்கள் வருமானத்தோடுதான் சேரும்.

வருமான வரிப் படிவம்

வியாபார வருமானம் வந்த வருடத்தில் வழக்கமான ITR-1 செல்லாது.

உணவுப் பாதுகாப்புப் பதிவு

வீட்டு அடுப்பில் செய்தாலும் வேண்டும். 14 இலக்க எண் பாக்கெட்டில் இருக்க வேண்டும். கடைக்காரர் முதலில் கேட்பதே அதைத்தான்.

ஆபீஸ் நண்பர்களைச் சந்தை என்று நினைப்பது

அவர்கள் வாங்குவது உங்களுக்காக. மூன்றாவது தடவை தானாகக் கேட்கிறார்களா, பாருங்கள்.

பெர்சனல் லோனில் அரவை மெஷின்

வேண்டாம். மில்காரர் இருக்கிறார்.